பாதிச் சரக்கை அனுப்புவதா, நிறுத்தி வைப்பதா? ஒரு பைப் ஆர்டரை வைத்து ஒரு கணக்கு

ஆர்டரில் ஐந்து ஐட்டம். மூன்று முழுசாகக் கையில் இருக்கிறது, ஒன்று பாதி இருக்கிறது, ஒன்று இல்லவே இல்லை. கடலூரில் மொத்த வியாபாரம் செய்கிற எந்தக் கடைக்கும் இது பழகிய நிலைமைதான். முழுதும் வரட்டும் என்று நிறுத்தி வைக்கலாம். இருப்பதை அனுப்பிவிட்டு மீதியை நிலுவையில் வைக்கலாம். இருப்பதை அனுப்பிவிட்டு, மீதியை ரத்து செய்து, "வந்ததும் புதுசா ஆர்டர் போடுங்க" என்று சொல்லலாம். இன்னொரு வழியும் உண்டு. ஐந்துக்கும் இன்றே பில் போட்டுவிட்டு, சரக்கை மட்டும் இரண்டு தவணையாக அனுப்புவது. மாதக் கடைசியில் விற்பனை இலக்கு துரத்தும்போது இந்த நாலாவது வழிதான் எல்லோருக்கும் கண்ணில் படும்.

எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்த்தால் பதில் தெளிவாகவே வரும். புதுச்சேரியில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு விடுதிக்கு, பிளம்பிங் கான்ட்ராக்டர் ஒருவர் கடலூர்க் கடையில் ஆர்டர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை.

ஒரு அங்குல சிபிவிசி பைப் 120 லெங்த், ஒன்று 420 ரூபாய். அதே அளவில் எல்போ 300, ஒன்று 28. டீ 150, ஒன்று 38. பிராஸ் எல்போ 80, ஒன்று 145. சால்வன்ட் சிமென்ட் 12 டின், ஒன்று 310. மொத்தம் 79,820 ரூபாய். 18 சதவீத வரியோடு 94,187.60. இதில் டீ 60தான் இருக்கிறது, 90 குறைகிறது. பிராஸ் எல்போ ஒன்றுகூட இல்லை. இன்று அனுப்பக்கூடிய சரக்கின் மதிப்பு வரியோடு 76,464. நிற்பது 17,723.60.

முதலில், நிறுத்தி வைப்பது. இதைப் பலரும் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை. சில சரக்குக்கு இது ஒன்றுதான் சரி. தரைக்குப் போடும் டைல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ஷேட் எண், பேட்ச் எண் இரண்டும் அச்சிட்டிருக்கும். இன்று 70 பெட்டி, அடுத்த வாரம் 30 பெட்டி என்று அனுப்பினால், அந்த 30 வேறு பேட்சிலிருந்து வரும். ஹாலின் நடுவில் நிறம் மாறிக் கோடு தெரியும். கலர் கலந்த பெயின்டும் அப்படியே. இந்த மாதிரி லைனைப் பிரிக்கக் கூடாது. ஒரே பேட்சில் முழு எண்ணிக்கை இருந்தால் அனுப்பு, இல்லையென்றால் காத்திரு.

நம் பைப் ஆர்டர் அப்படிப்பட்டதல்ல. இன்று வரும் எல்போவுக்கும் அடுத்த வாரம் வரும் எல்போவுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. இங்கே கேட்க வேண்டியது வேறு கேள்வி. இந்தச் சரக்கு இல்லாமல் அங்கே எந்த வேலை நிற்கும்? பிராஸ் எல்போ குழாய் மாட்டுகிற முனையில் வருவது, ஆகவே சுவரை வெட்டிப் பைப் ஓட்டுகிற வேலை அது இல்லாமலே பாதித் தூரம் நடக்கும். டீ அப்படியில்லை. லைன் பிரிகிற இடமெல்லாம் டீதான். 60 டீயை வைத்துக்கொண்டு எத்தனை குளியலறை முடியும் என்று கான்ட்ராக்டருக்குத்தான் தெரியும். அதனால் போனைப் போட்டுக் கேட்பதுதான் முதல் வேலை.

"டீ 60தான் இருக்கு அண்ணே, மீதி வியாழக்கிழமை வரும். பிராஸ் எல்போ ஒரு வாரம் ஆகும். இருக்கிறதை இன்னைக்கு ஏத்திடட்டுமா?"

"ஏத்துங்க தம்பி. ரெண்டு மாடிக்கு அது போதும். ஆனா டீ மட்டும் வெள்ளிக்கிழமை தாண்டக் கூடாது."

இந்த இரண்டு வரிப் பேச்சு வெறும் மரியாதைக்காக இல்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை, தவணை தவணையாக வரும் சரக்கை ஏற்கும் கட்டாயம் வாங்குபவருக்குக் கிடையாது. சொன்னதைவிடக் குறைவாக வந்தால் அவர் மறுக்கவும் செய்யலாம். ஏற்றுக்கொண்டால் ஏற்றதற்கு ஒப்பந்த விலையைக் கொடுக்க வேண்டும். கேட்காமல் ஏற்றி அனுப்பிய வண்டியை வாசலில் இருந்தே திருப்பி அனுப்பினால், நாம் சண்டை போட இடமில்லை. ஆர்டரை உறுதிசெய்து அனுப்பும் வாட்ஸ்அப்பில் "பகுதி டெலிவரி சம்மதம், ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனிக் கெடு" என்று ஒரு வரி வாங்கி வைத்தால் போதும்.

அந்த வரியின் பின்பாதி முன்பாதியைவிட முக்கியம். பாதிச் சரக்கு அனுப்பினால் வருகிற உண்மையான வலி வண்டி வாடகை இல்லை, "முழுசா வரட்டும், சேர்த்துத் தரேன்" என்கிற பதில்தான். 17,723 ரூபாய்ச் சரக்கு நிற்பதால் 76,464 ரூபாய்ப் பணமும் நிற்கும். பில் தேதியிலிருந்தே 30 நாள் ஓடுகிறது என்று முதலிலேயே பேசியிருந்தால் இந்தப் பேச்சு எழாது.

இப்போது அந்த நாலாவது வழி. ஐந்து ஐட்டத்துக்கும் சேர்த்து 94,187.60-க்கு இன்றே பில் போடுவது. சரக்கைத் தவணையில் அனுப்ப ஜிஎஸ்டி விதிகளில் இடமிருக்கிறது. முதல் தவணைக்கு முன்பே முழு பில் போட வேண்டும். அடுத்த தவணைகளுக்கு அந்த பில்லைக் குறிப்பிட்டு டெலிவரி சலான் போட வேண்டும். பில்லின் மூலப் பிரதி கடைசித் தவணையோடு போகும். ஒரு பெரிய இயந்திரத்தைப் பிரித்துப் பல லாரியில் அனுப்புபவர்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். கையிலேயே இல்லாத பிராஸ் எல்போவுக்கு இதைப் போடுவது வேறு கதை.

காரணம் வாங்குபவர் பக்கம் இருக்கிறது. ஒரே பில்லின் சரக்கு தவணையாக வந்தால், கடைசித் தவணை கைக்கு வந்த பிறகுதான் அந்த பில்லின் உள்ளீட்டு வரியை அவர் எடுக்க முடியும். அதாவது 80 பிராஸ் எல்போ வந்து சேரும் வரை, 14,367.60 ரூபாய் வரி முழுவதும் அவருக்கு முடங்கிக் கிடக்கும். இன்று போவதற்குத் தனி பில், நாளை போவதற்குத் தனி பில் என்று போட்டால், 11,664 ரூபாயை இந்த மாதமே எடுத்துக்கொள்வார். நமக்கும் நல்லதுதான், போகாத சரக்குக்கு இந்த மாதமே வரி கட்ட வேண்டாம். கான்ட்ராக்டரிடம் பாதி டெலிவரிக்குச் சம்மதம் வாங்கும்போது இதைச் சொன்னால் அவரே "தனித்தனியா போடுங்க" என்பார்.

இங்கே கடலூர்க்காரர்களுக்கு உள்ள ஒரு சங்கடம். நெய்வேலியைவிடப் பாண்டி நமக்குப் பக்கம். முள்ளோடையைத் தாண்டினால் பாண்டி எல்லை. ஆனால் வரிக்கணக்கில் அது வெளிமாநிலம். பில்லில் ஐஜிஎஸ்டி வர வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரை இ-வே பில் இல்லாமல் போகலாம், பாண்டிக்கு 50,000 தாண்டினாலே வேண்டும். அந்த மதிப்பு வரியையும் சேர்த்துத்தான் பார்க்கப்படும். எனவே நம் முதல் லோடு 76,464-க்கு இ-வே பில் கட்டாயம், மீதி 17,723.60-க்குத் தேவையில்லை. இதைப் பார்த்துவிட்டு முதல் லோடையும் இரண்டு பில்லாக உடைத்து 50,000-க்குக் கீழே கொண்டுவரலாமே என்று யோசிக்கிறவர்கள் உண்டு. ஒரே வண்டியில், ஒரே ஆளுக்கு, ஒரே நாளில் அடுத்தடுத்த எண்ணில் இரண்டு பில் இருப்பதைப் பார்க்கும் அதிகாரிக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பது தப்பு.

ஆக முதல் லோடு தனி பில்லோடு போகிறது. மீதமுள்ள 90 டீ, 80 பிராஸ் எல்போவை நிலுவையில் வைப்பதா, ரத்து செய்துவிட்டுப் புது ஆர்டராக வாங்குவதா? இரண்டுக்கும் வித்தியாசம் பேப்பரில்தான் என்று தோன்றும். நிலுவையில் வைத்தால் பழைய விலை, பழைய நிபந்தனை, பழைய வரிசை எல்லாம் அப்படியே நிற்கும். ரத்து செய்தால் மூன்றும் போய்விடும். பிசின் விலை ஏறினால் பைப் கம்பெனிகள் விலைப்பட்டியலை மாற்றும். அந்த நேரத்தில் நிலுவையில் உள்ள சரக்கைப் பழைய விலைக்கே கொடுத்தாக வேண்டும். அதனால் டீலர்கள் ரத்து செய்யவே விரும்புவார்கள், வாங்குபவர் நிலுவையை விரும்புவார். என் கணக்கில், வரும் தேதி தெரிந்தால் நிலுவை. தேதி சொல்ல முடியாவிட்டால் ரத்து. டீ வியாழன் வரும், அது நிலுவை. பிராஸ் எல்போவுக்குக் கம்பெனி ஒரு வாரம் என்று சொல்லியிருக்கிறது, அதுவும் நிலுவைதான். "எப்ப வரும்னு தெரியல" என்கிற சரக்கை மாசக்கணக்கில் நிலுவையில் வைத்திருந்தால், அவர் வேறு கடையில் வாங்கி முடித்த பிறகு நம் வண்டி போய் நிற்கும்.

நிலுவை கெட்டுப்போவது பெரும்பாலும் நம் கிடங்குக்குள்தான். வியாழக்கிழமை 100 டீ வந்து இறங்குகிறது. கவுன்டரில் ஒருவர் வந்து 40 கேட்கிறார். டாலியில் பார்த்தால் ஸ்டாக் 100 என்று காட்டுகிறது. ஸ்டாக் சம்மரி நிலுவை ஆர்டரைக் கழித்துக் காட்டாது. பையன் 40-ஐ விற்றுவிடுவான், அவன்மேல் தப்பில்லை. வெள்ளிக்கிழமை பாண்டிக்கு 60தான் போகும். இதற்கு எளிய வைத்தியம் டாலியிலேயே உண்டு. "நிலுவை" என்று ஒரு தனி கிடங்குப் பெயரை உருவாக்கி, சரக்கு இறங்கியதும் 90 டீயை ஸ்டாக் ஜர்னல் போட்டு அதற்கு மாற்றிவிட வேண்டும். ரேக்கிலும் அதைத் தனியே எடுத்து வைத்துக் கான்ட்ராக்டர் பெயரை மார்க்கரில் எழுத வேண்டும். கவுன்டரில் மொத்த ஸ்டாக்கைப் பார்க்காமல், கடைக் கிடங்கின் ஸ்டாக்கை மட்டும் பார்த்தால் பத்துதான் தெரியும்.

டாலியில் இன்னொரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். டெலிவரி நோட்டும் பில்லும் போடும்போது `Order No.` என்ற கட்டத்தில் அந்த ஆர்டர் எண்ணைத் தேர்ந்தெடுக்காவிட்டால், சரக்கு போன பிறகும் ஆர்டர் முழுசாக நிலுவையிலேயே தெரியும். அதைப் பார்த்து யாரோ 120 பைப்பை மறுபடி ஏற்றுவார்கள். அதேபோல டெலிவரி நோட்டில் வந்த `Tracking No.` எண்ணைப் பில்லிலும் எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் ஸ்டாக் இரண்டு முறை குறையும், ஒரு தடவை நோட்டுக்கு, ஒரு தடவை பில்லுக்கு. `Sales Bills Pending` ரிப்போர்ட்டைத் திறந்தால், பில் போட்டு முடித்த சரக்கு "பில் போடவில்லை" என்கிற பக்கத்தில் நிற்கும். அப்படி நின்றால் இந்தக் கட்டம்தான் காரணம் என்று உடனே பார்க்கலாம்.

ஓடூ மாதிரி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இந்த முடிவு பட்டனாகவே வரும். 150 டீக்குப் பதில் 60 என்று அடித்து டெலிவரியை உறுதிசெய்தால் ஒரு பெட்டி திறந்து `Create Backorder` வேண்டுமா, `No Backorder` வேண்டுமா என்று கேட்கும். முதலாவதை அழுத்தினால் மீதி 90-க்கு ஒரு புது டெலிவரி உருவாகி நிற்கும். இரண்டாவதை அழுத்தினால் மீதிக்கான டெலிவரி அதோடு போச்சு. அவசரத்தில் அழுத்துகிற ஆளுக்கு எது எது என்று முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் பிறகு அதை யாரும் நினைவூட்டமாட்டார்கள்.

லோடு போய்ச் சேர்ந்த மறுநாள் காலை கான்ட்ராக்டர் போன் செய்கிறார். "தம்பி, இன்ஜினியர் பிளானை மாத்திட்டாரு. பிராஸ் எல்போ 80 வேணாம், 50 போதும். முக்கால் அங்குல எல்போ 100 சேர்த்துக்குங்க. அப்புறம், ஒரு அங்குல பைப்ல 30 லெங்த் திருப்பி எடுத்துக்குங்க."

ஒரே மூச்சில் மூன்று மாற்றம் சொல்கிறார். மூன்றையும் ஒரே மாதிரி நடத்தினால்தான் குழப்பம். ஒவ்வொரு லைனுக்கும் மூன்று எண் இருக்கிறது: ஆர்டர் செய்தது, அனுப்பியது, பில் போட்டது. மாற்றம் இந்த மூன்றில் எதைத் தொடுகிறது என்று பார்த்தால் வழி தானாகத் தெரியும்.

பிராஸ் எல்போவில் அனுப்பியதும் பூஜ்யம், பில்லும் பூஜ்யம். ஆர்டரைத் திறந்து 80-ஐ 50 ஆக்கினால் முடிந்தது. ஆனால் அதற்கு முன்னால் நாம் கம்பெனிக்குப் போட்ட கொள்முதல் ஆர்டரைப் பார்க்க வேண்டும். அவருக்காகவே 80 சொல்லியிருந்து, கம்பெனி ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், 30 பிராஸ் எல்போ நம் தலையில் விழும். கடையில் ஓடுகிற சரக்கென்றால் பொறுத்துக்கொள்ளலாம். அவருக்கென்று தனியாக வரவழைத்த சரக்கென்றால், மாற்றத்தை ஏற்குமுன் இதைப் பேசிவிட வேண்டும்.

முக்கால் அங்குல எல்போ 100, புதிய லைன். பழைய ஆர்டரிலேயே சேர்ப்பதா, புது ஆர்டரா? எனக்குப் பழைய ஆர்டரில் சேர்ப்பது பிடிக்காது. நிலுவை 90 டீ வெள்ளிக்கிழமை போனதும் அந்த ஆர்டர் எவ்வளவு முடிந்தது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். நாளுக்கு நாள் லைன் ஏறிக்கொண்டே போகிற ஆர்டர் எப்போதும் முடியாது, பழைய விலையும் புதிய விலையும் ஒன்றோடு ஒன்று கலந்துபோகும். புது ஆர்டர் போட்டு, டீயோடு அதே குட்டி யானையில் ஏற்றிவிடலாம். வண்டி ஒன்றாக இருக்கலாம், பில் இரண்டாக இருக்கட்டும்.

திரும்பி வரும் 30 பைப்தான் விஷயம். இதில் அனுப்பியதும் பில் போட்டதும் இரண்டும் நடந்துவிட்டது. ஆர்டரில் 120-ஐ 90 ஆக்கினால் ஒன்றும் சரியாகாது, போன வண்டி திரும்பி வந்துவிடாது. பில்லைத் திறந்து 90 என்று திருத்துவதுதான் பலருக்கு வரும் முதல் யோசனை. 120 லெங்த் என்று இ-வே பில் எடுத்து, எல்லையைத் தாண்டி, அவர் கையெழுத்து வாங்கிய பில் அது. இ-வே பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம் என்பது சரக்கு கிளம்பாதபோது பயன்படுகிற வழி. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டி இ-இன்வாய்ஸ் போடுகிற கடைக்கும் 24 மணி நேரக் கெடுவே. அந்தக் கெடு இன்னும் முடியவில்லை என்பதற்காக, போய்ச் சேர்ந்த சரக்கின் பில்லை ரத்து செய்யக் கூடாது. 120 பைப் உண்மையில் போனது, பில் அதைச் சரியாகவே சொல்கிறது.

சரியான வழி கிரெடிட் நோட். சரக்கு திரும்பி வந்ததும் டாலியில் `Rejections In` போட்டு உள்ளே எடுத்து, மூல பில் எண்ணைக் குறிப்பிட்டுக் கிரெடிட் நோட் போட வேண்டும். ஜிஎஸ்டியில் வரியைக் குறைத்துக்கொள்ள, அந்த நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் நவம்பர் 30-க்குள் அதைக் கணக்கில் காட்ட வேண்டும். கான்ட்ராக்டர் உள்ளீட்டு வரி எடுத்திருந்தால், கிரெடிட் நோட்டில் உள்ள லெங்த்துக்கான வரியை அவர் திருப்ப வேண்டும். இதை அவர் ஆடிட்டருக்கும் தெரிவித்துவிட்டால் நல்லது. ஓடூவில் `Return` போடுகிறவர்கள், திரும்பிய எண்ணிக்கை விற்பனை ஆர்டரிலும் குறைய வேண்டும் என்கிற டிக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது விழாவிட்டால் கிடங்கில் பைப் ஏறியிருக்கும், ஆர்டரிலோ 120 போய்விட்டதாகவே நிற்கும்.

ஒரு வரிசை முக்கியம். முதலில் சரக்கு, பிறகு நோட். போனில் "30" என்று சொன்னதை வைத்துக் கிரெடிட் நோட் போடக் கூடாது. சைட்டில் கிடந்த பைப் எப்படித் திரும்பும் என்று இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். வெயிலில் போட்டு வைத்த சிபிவிசி நிறம் வெளிறும். முனையில் சால்வன்ட் தடவியிருந்தால், வெட்டி எடுத்தால் நீளம் குறையும். நம் கணக்கில் 30 லெங்த் திரும்பி வருகிறது, அதில் 4 மூன்று மீட்டருக்குக் குறைவு, ரம்பம் பட்ட முனை. அந்த நாலையும் அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிட்டு, 26 லெங்த்துக்கு மட்டும் நோட் போடுகிறோம்: 10,920 ரூபாய், வரி 1,965.60, மொத்தம் 12,885.60. முதல் பில்லில் அவர் தர வேண்டியது 76,464-லிருந்து 63,578.40 ஆகிறது. கெடு மட்டும் பில் போட்ட அதே தேதியிலிருந்துதான் ஓடும், கிரெடிட் நோட் தேதியிலிருந்து இல்லை.